பத்து ட்ரிப்ஸில் நிறம் மாறுமா? குளுட்டாதயோன் ஊசியில் உள்ளதும் இல்லாததும்

ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே எங்கள் வேலூர்ப் பக்கத்துத் தோல் மருத்துவர்களுக்கு இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். "மேடம், கலர் வர ஊசி போட்டுக்கலாமா?" பெண்கள் மட்டும் கேட்பதில்லை, மாப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். என் பதில் "வேண்டாம்" என்பதுதான். ஆனால் ஒற்றைச் சொல்லில் யாரும் திருப்தியாவதில்லை. ஏனென்றால் பார்லரில் இதைப் பற்றி அரை மணி நேரம் விளக்கம் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த விளக்கத்தில் பாதி உண்மையும் இருக்கும். அதனால் நானும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குளுட்டாதயோன் நம் உடம்பே தயாரிக்கும் பொருள். மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்தது. எல்லாச் செல்களிலும் உண்டு, கல்லீரலில் அதிகம். நச்சுப் பொருள்களைச் செயலிழக்க வைக்க உடம்பு அதைப் பயன்படுத்துகிறது. ஊசி மருந்தாக அதற்கு நம் நாட்டில் உள்ள அனுமதி குடிப்பழக்கத்தால் வரும் கல்லீரல் நோய் போன்றவற்றுக்கு. பிலிப்பைன்ஸில் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தோடு துணை மருந்தாகத் தர அனுமதி. நிறத்தை மாற்ற இரண்டு நாட்டிலும் அனுமதி கிடையாது. நிறத்துக்காக அதிக அளவில் ஏற்றுவது ஆபத்து என்று பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லேயே எச்சரித்துவிட்டது.

பார்லர்க்காரர் சொல்லும் அறிவியல் இதுதான்: தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். குளுட்டாதயோன் அதைத் தடுக்கும். அதோடு கரும்பழுப்பு மெலனினுக்குப் பதிலாக மஞ்சள், சிவப்புச் சாயலுள்ள மெலனின் உருவாகும்படி திருப்பிவிடும். சோதனைக்கூடத்தில் செல்களை வைத்துப் பார்த்தால் இது உண்மைதான். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. நரம்பு வழியாக ஏற்றிய குளுட்டாதயோன் இரத்தத்தில் சில நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். வாரம் இரண்டு முறை ஏற்றினால், நடுவில் உள்ள நாள்களில் அதன் அளவு பழைய இடத்துக்கே வந்துவிடும். நிறம் உண்டாக்கும் செல்களோ இரவும் பகலும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன.

சரி, கொள்கை எப்படியோ போகட்டும், மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். ஊசிக்கு ஆதாரம் என்று பேசுவதற்கு ஓரளவு உருப்படியாக இருப்பது 2016-இல் பாகிஸ்தானில் வெளியான ஓர் ஆய்வு. 50 பெண்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 1,200 மி.கி. குளுட்டாதயோன், வாரம் இரண்டு முறை, ஆறு வாரம். இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத உப்புநீர். யாருக்கு எது என்று பெண்களுக்குத் தெரியாது. முடிவில் கணக்கில் எடுக்க ஒவ்வொரு குழுவிலும் 16 பேர் இருந்தார்கள். மருந்து ஏற்றியவர்களில் 6 பேருக்கு நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. உப்புநீர் ஏற்றியவர்களிலும் 3 பேருக்கு வெளுத்திருந்தது! வெறும் உப்புநீரில் நிறம் மாறாது. அந்த மூன்று பேர் ஆய்வில் இருக்கும் காலத்தில் வெயிலைத் தவிர்த்திருக்கலாம், முகத்தைக் கூடுதலாகக் கவனித்திருக்கலாம். அந்த 6 பேரிலும் அப்படிச் சிலர் இருந்திருக்க மாட்டார்களா? இவ்வளவு சின்னக் குழுவில் 6-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது.

அந்த ஆய்வின் மீதிப் பாதியைப் பார்லரில் சொல்லவே மாட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது ஒரே ஒருவருக்குத்தான் அந்த வெளுப்பு நின்றிருந்தது. மருந்து ஏற்றிய 25 பேரில் 8 பேருக்குக் கல்லீரல் பரிசோதனை முடிவுகள் மாறியிருந்தன. ஒருவருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சி வந்தது. கல்லீரலுக்காக அனுமதித்த மருந்தே கல்லீரலைக் கெடுக்குமா என்று என் நோயாளிகள் வியப்பார்கள். தரும் அளவும், ஆளும், நோக்கமும் மாறும்போது மருந்தின் குணமும் மாறத்தான் செய்யும்.

மாத்திரை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விழுங்கினால் பெரும்பகுதி குடலிலேயே உடைந்துவிடும். 2012-இல் தாய்லாந்தில் 60 மருத்துவ மாணவர்களுக்கு நாலு வாரம் நடந்த ஆய்வில், தினம் 500 மி.கி. சாப்பிட்டவர்களுக்கு ஆறு இடங்களில் தோலை அளந்தார்கள். கருவியில் தெளிவான வித்தியாசம் தெரிந்தது இரண்டு இடத்தில் மட்டும். குறுகிய கால ஆய்வுகளில் மாத்திரையால் பெரிய கெடுதல் எதுவும் தெரியவில்லை. பர்சுக்குத்தான் அடி. அதனால் என் கவலை எல்லாம் ஊசியைப் பற்றியதே.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். குடியாத்தம் பக்கம், வயது 26, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. முகமெல்லாம் சிவந்து, எரிச்சலோடும் பருக்களோடும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேறு என்ன தொந்தரவு என்று கேட்டதற்கு, மூன்று வாரமாகச் சாப்பாடு பிடிக்கவில்லை, தாளிக்கிற வாசனைக்கே குமட்டுகிறது என்றார். கேஸ் டிரபிள் என்று மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். சிறுநீர் மஞ்சளாகப் போனதும் அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மா?"

"இல்லை மேடம், எதுவும் இல்லை."

அம்மாதான் சொன்னார். "டாக்டரம்மா, பார்லர்ல ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டா. அது மருந்து இல்லையாமே, வைட்டமினாம்."

பத்து ட்ரிப்ஸ் பேக்கேஜில் ஆறு முடிந்திருந்தது. மூன்றாவதற்குப் பிறகே குமட்டல் தொடங்கியிருக்கிறது. "உடம்புல இருக்கிற நச்சு வெளியே போகுது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பதிலை நான் பலமுறை கேட்டுவிட்டேன். மருந்தை உடனே நிறுத்த வேண்டிய அறிகுறியை, மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்று சொல்லிவிட்டால் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

இரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 340. நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் 1.6, அதுவும் கொஞ்சம் அதிகம். மஞ்சள் காமாலைக் கிருமிகள் எதுவும் இல்லை, ஸ்கேனில் குறை இல்லை, மதுப்பழக்கம் இல்லை. கீழாநெல்லி கொடுத்தது குமட்டல் வந்து வெகுநாள் கழித்துத்தான். வயிற்று மருத்துவரிடம் அனுப்பி, எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னோம். இரண்டு வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. 120, ஆறாவது வாரத்தில் 34. குளுட்டாதயோன்தான் காரணம் என்று நூறு சதவீதம் அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தக் குப்பிக்குள் இருந்தது குளுட்டாதயோன்தானா என்பதே நிச்சயமில்லை. ஊசிக்கும் பாதிப்புக்கும் காலக்கணக்கு பொருந்துகிறது, நிறுத்தியதும் சரியானது, வேறு காரணம் கிடைக்கவில்லை. மருத்துவத்தில் இந்த மாதிரி நேரத்தில் "பெரும்பாலும் இதுதான்" என்போம்.

செல்போனில் அவர் வைத்திருந்த அட்டைப்பெட்டிப் படத்தைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. தயாரிப்பு உரிம எண் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரி இல்லை. குப்பியில் 30,000 மி.கி. என்று அச்சிட்டிருந்தார்கள். அதாவது 30 கிராம், ஆறேழு தேக்கரண்டிச் சர்க்கரை அளவுத் தூள். விரல் நீளக் குப்பிக்குள் அது எப்படிப் போகும், சில மில்லி தண்ணீரில் எப்படிக் கரையும்? முறையான மருந்துக் குப்பியில் 600 மி.கி. என்பதுபோலத்தான் இருக்கும். பெட்டியில் எண் பெரிதாக ஆக ஆக எனக்குச் சந்தேகமும் பெரிதாகும்.

மருந்து அசல் என்றே வைத்துக்கொண்டாலும், அது ஊசிக்கு ஏற்ற தூய்மையில் இருக்க வேண்டும். வாயால் சாப்பிடத் தயாரித்த தூளை ஊசி மருந்தாகக் கரைத்ததால் நோயாளிகளுக்குக் குளிர் நடுக்கம், வாந்தி, உடல்வலி வந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-இல் எச்சரித்தது. கிருமி செத்த பிறகும் அதன் உடல் எச்சம் நச்சாகத் தூளில் இருந்ததே காரணம். வடிகட்டியோ கொதிக்க வைத்தோ அதைப் பார்லரில் நீக்க முடியாது.

கூடவே வைட்டமின் சி ஊசியையும் அதிக அளவில் சேர்த்து ஏற்றுவார்கள். ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். குறைபாடு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அது சிறுநீரகத்திலேயே உப்புப் படிகமாகத் தங்கிவிடும். இந்தப் பெண்ணுக்கு ஏற்றும் முன் ஒரு பரிசோதனையும் செய்யவில்லை. ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால் உடனே போட வேண்டியது அட்ரினலின் ஊசி. அந்த அறையில் அது இருந்ததா என்று கேட்டேன். ஏசி இருந்தது என்றார்.

ஆனால் அவருக்கு நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்திருந்தது. அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ட்ரிப்ஸோடு பார்லரில் லேபிள் இல்லாத டப்பாவில் ஒரு நைட் கிரீம் கொடுத்திருந்தார்கள். முகச் சிவப்பும் பருவும், கன்னத்தில் புதிதாக முளைத்த மெல்லிய முடியும் பார்த்தால் ஸ்டீராய்டு கலந்தது என்று தோல் மருத்துவர் யாரும் சொல்லிவிடுவார்கள். ஸ்டீராய்டு கிரீம் சில வாரம் முகத்தை வெளுக்க வைக்கும், அப்புறம் இப்படித் திருப்பி அடிக்கும். அதோடு சன்ஸ்கிரீன் போட்டிருக்கிறார், ஸ்கூட்டியை விட்டுக் கம்பெனி பஸ்ஸில் போயிருக்கிறார். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் ஸ்கூட்டி ஓட்டுகிற முகம் பஸ்ஸுக்கு மாறினாலே நாலு வாரத்தில் வித்தியாசம் தெரியும். பெயர் மட்டும் ட்ரிப்ஸுக்குப் போய்விட்டது.

உங்கள் தோல் எவ்வளவு தூரம் வெளுக்கலாம் என்று தெரிய வேண்டுமானால், கையைத் தூக்கி மேல்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள். வெயில் படாத அந்த இடம்தான் உங்கள் பிறவி நிறம். முகம் அதைவிடக் கறுத்திருந்தால் அந்தக் கறுப்பு வெயிலாலோ, மங்குவாலோ, பரு வடுவாலோ வந்தது. அதற்கு முறையான சிகிச்சை உண்டு. உட்கையைவிட முகத்தை வெளுக்க வைக்கிறேன் என்பவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

"கடையில் விற்கிறார்களே, சட்டம் அனுமதிக்கிறதுதானே?" என்றும் கேட்பார்கள். 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் சட்டப்படி அழகுப்பொருள் என்றால் மேலே தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவது, தெளிப்பது போன்றது. ஊசி அதில் வராது. எந்த மருந்தும் தோல் நிறத்தை வெளுப்பாக்கும் என்று உரிமை கோரக்கூடாது என அந்தச் சட்டத்தின் விதிகளில், ஜே அட்டவணையில் இருக்கிறது. பார்லரில் குளுட்டாதயோன் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை.

ஏற்கெனவே சில ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டவர்கள் பதற வேண்டாம். அடுத்ததற்குப் போகாதீர்கள், பேக்கேஜ் பணம் போனால் போகட்டும். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். குமட்டல், அடர்மஞ்சள் சிறுநீர் இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். தோலில் கொப்புளமும் வாயில், கண்ணில் புண்ணும் சேர்ந்து வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருத்துவரிடம் "ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள், குப்பியின் படம் இருந்தால் காட்டுங்கள். நைட் கிரீமையும் எடுத்து வாருங்கள். நாள்கணக்கில் போட்டிருந்தால் அதை எப்படிப் படிப்படியாக விடுவது என்று நாங்கள் சொல்கிறோம். மருந்தால் வந்த பக்கவிளைவை மருத்துவர்தான் என்றில்லை, நீங்களே இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-இல் தெரிவிக்கலாம்.