பாக்கெட் எந்த ரூட்டரில் நிற்கிறது?

வெளியூரில் இருக்கும் ஒரு சர்வர் திறக்கவில்லை, அல்லது விட்டுவிட்டுத் திறக்கிறது. நமக்கும் அதற்கும் நடுவில் பத்துப் பதினைந்து ரூட்டர்கள் இருக்கலாம். அவற்றில் நம்முடையது வீட்டில் இருக்கும் ஒன்றுதான். அப்படியிருந்தும், கோளாறு ஏறக்குறைய எந்த இடத்தில் என்று வீட்டிலிருந்தே கண்டுபிடிக்க முடியும்.

ஒவ்வொரு ஐபி பாக்கெட்டின் தலைப்பகுதியிலும் டிடிஎல் என்ற எண் உண்டு. வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் பூஜ்யமானால் பாக்கெட்டை அங்கேயே போட்டுவிட்டு, ‘ஆயுள் முடிந்தது’ என்று ஓர் ஐசிஎம்பி செய்தியை அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பும். வழி தெரியாமல் பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. வான் ஜேக்கப்சன் traceroute என்ற நிரலை எழுதியபோது இதையே வேறு வேலைக்குப் பயன்படுத்தினார். டிடிஎல் 1 வைத்து அனுப்பினால் முதல் ரூட்டர் பதில் தரும், 2 வைத்தால் இரண்டாவது. இப்படி ஒவ்வொன்றும் தன் முகவரியைத் தானே சொல்லிவிடுகிறது.

traceroute ஒவ்வொரு படிக்கும் வழக்கமாக மூன்று பாக்கெட்டுகள் மட்டும் அனுப்பி நின்றுவிடும். விட்டுவிட்டு வரும் கோளாறு அந்த மூன்றில் சிக்காமல் போகலாம். mtr என்ற நிரல் ஐசிஎம்பி பாக்கெட்டுகளை நிறுத்தாமல் அனுப்பிக் கணக்கு வைக்கும்.

```
mtr -rwn -c 100 192.0.2.80
```

படிக்கு நூறு பாக்கெட்டுகள் போகும். இரண்டு நிமிடத்துக்குள் அறிக்கை வந்துவிடும். அது இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். முகவரிகள் எடுத்துக்காட்டுக்கானவை, சில நெடுவரிசைகளை விட்டிருக்கிறேன்.

```
                   Loss%   Snt    Avg
 1. 192.168.1.1     0.0%   100    1.2
 2. 100.64.0.1      0.0%   100    6.8
 3. 198.51.100.9   62.0%   100    9.1
 4. 198.51.100.33   0.0%   100   11.4
 5. 203.0.113.5    18.0%   100   41.0
 6. 203.0.113.41   17.0%   100   41.7
 7. 192.0.2.80     19.0%   100   42.3
```

பார்த்ததும் கண் மூன்றாம் வரியின் 62 சதவீதத்துக்குத்தான் போகும். ஆனால் அங்கே கோளாறு எதுவும் இல்லை. நான்காவது ரூட்டருக்குப் போன நூறு பாக்கெட்டுகளும் மூன்றாவதைத் தாண்டித்தான் போயின; ஒன்றுகூடத் தொலையவில்லை. ரூட்டரில் பாக்கெட்டுகளைக் கடத்திவிடுவது தனி வன்பொருளின் வேலை. ‘ஆயுள் முடிந்தது’ என்று பதில் எழுதுவது அதன் சிறிய பொதுச் செயலியின் வேலை. அந்தச் செயலிக்குச் சுமை ஏறாதபடி, நொடிக்கு இத்தனை பதில்தான் என்று வரம்பு வைத்திருப்பார்கள். பதில் குறைகிறதே தவிர, போக்குவரத்து குறையவில்லை. இந்த ஒரு வரியைப் படம்பிடித்து இணைய நிறுவனத்துக்குப் புகார் அனுப்புவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

உண்மையான இழப்பு ஓரிடத்தில் தொடங்கினால் கடைசி வரி வரைக்கும் தொடரும். இங்கே அது ஐந்தாம் வரியில் தொடங்குகிறது. அதனால் நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலான இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால், நாம் அளப்பது போய்த் திரும்பும் இரண்டு பயணங்களையும் சேர்த்து. ஐந்தாவது ரூட்டரின் பதில் வேறு வழியாகத் திரும்பி வரலாம், இழப்பு அந்த வழியிலும் இருக்கலாம். சர்வரில் வேறு வழியாக நுழைய முடிந்தால், அங்கிருந்து நம் முகவரியை நோக்கியும் ஒரு mtr ஓட்டிப் பார்க்க வேண்டும். நம் பக்க அறிக்கை திரும்பும் வழியிலுள்ள ரூட்டர்களைக் காட்டவே காட்டாது.

சரி, பதிலே அடியோடு நின்றுபோனால்? ஐந்தாம் வரி வரை எல்லாம் வந்து, அதற்குப் பிறகு வெறும் `???` தான் என்றால், ஐந்தாவது ரூட்டர் பழுது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அது பதில் சொல்லிய கடைசி ரூட்டர், அவ்வளவுதான். அதற்கு அப்பால் பாதை அறுந்திருக்கலாம். அல்லது ஒரு ஃபயர்வால் ஐசிஎம்பியை மட்டும் தடுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, சர்வர் நிஜமாகச் சேவை தரும் போர்ட்டுக்கே டிசிபி பாக்கெட் அனுப்ப வேண்டும்.

```
mtr -T -P 443 -rwn -c 100 192.0.2.80
```

கடைசி வரியில் சர்வரின் முகவரி வந்துவிட்டால் பாதை நன்றாக இருக்கிறது. தடுக்கப்பட்டது ஐசிஎம்பி மட்டும். 443 போய்ச் சேர்ந்து 22 சேரவில்லை என்றால், அந்தப் போர்ட்டுக்கு ஃபயர்வாலில் போட்டிருக்கும் விதியைப் பார்க்க வேண்டும். ஐசிஎம்பி, டிசிபி இரண்டுமே ஒரே இடத்தில் நின்றால் பாதை அறுந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனாலும் அந்த ஒரு அறிக்கையை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

அப்போது கைகொடுப்பது, எல்லாம் ஒழுங்காக ஓடிய நாளில் எடுத்து வைத்த பழைய அறிக்கை. அன்று ஆறாம் வரி பதில் தந்திருந்து இன்று தரவில்லை என்றால் ஏதோ மாறிவிட்டது என்று தெரியும். அன்றும் அது `???` தான் என்றால், இன்றைய மௌனத்தை வைத்து அதன்மேல் பழி போட முடியாது. புகார் எழுதும்போது அந்தப் பழைய அறிக்கையையும், இரு திசையிலும் எடுத்த இன்றைய அறிக்கைகளையும், எடுத்த நேரத்தைக் குறிப்பிட்டு முழுதாக இணைத்து அனுப்புங்கள்.