உச்சி வெயிலில் ஷட்டரை ஆட்டோவில் விடாதீர்கள்

நடுப்பகலில் எடுத்த வீடியோவில் ஓடுபவரின் கைகால்கள் விட்டுவிட்டு நகர்வதுபோல் தெரிந்தால் பலர் எடிட்டிங்கைக் குறை சொல்கிறார்கள். ஒரு பிரேமை நிறுத்திப் பாருங்கள். வீசும் கையில் ஒவ்வொரு விரலும் கூர்மையாகத் தெரிந்தால் காரணம் ஷட்டர் வேகம்தான்.

விநாடிக்கு 25 பிரேம் என்று எடுக்கும்போது, ஒரு பந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பறந்தால், அடுத்த பிரேமுக்குள் 80 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஷட்டர் 1/50 விநாடி திறந்திருந்தால் அதில் 40 சென்டிமீட்டர் இழுவையாகப் பதிகிறது. கண் அதை ஓட்டமாக ஏற்றுக்கொள்கிறது. 1/1600-இல் எடுத்தால் இழுவை ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். கூர்மையான பந்து இடம்விட்டு இடம் தாவுகிறது. பிரேம் எண்ணிக்கையின் இரட்டிப்பை ஷட்டர் வேகமாக வைப்பது இதனால்தான்.

வெயிலில் கேமரா தானாகவே 1/1600-க்குப் போய்விடும். தெளிவான வானம், ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் f/4 என்றால் சரியான எக்ஸ்போஷருக்கு ஏறத்தாழ அந்த வேகம்தான் தேவை. அதை 1/50-க்கு இறக்கினால் ஐந்து ஸ்டாப் கூடுதலாக, அதாவது 32 மடங்கு வெளிச்சம் உள்ளே வந்து, படம் வெளுத்துப்போகும். அந்த ஐந்து ஸ்டாப்பைத் தடுப்பது, லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி 32 ஃபில்டர். அப்பர்ச்சரை f/22 வரை மூடியும் சமாளிக்கலாம். ஆனால் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் படம் மங்கும், பின்னணியும் முழுக்கத் தெளிவாகிவிடும். அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேனுவலில் முதலில் ஷட்டரை 1/50-இல் பூட்டுங்கள். ஐஎஸ்ஓவை இயன்றவரை குறைத்து, விரும்பிய அப்பர்ச்சரை வையுங்கள். பிறகு வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் வெளிச்சம் முட்டாத அளவுக்கு ஃபில்டரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு நிறம் திருத்துவதற்காகத் தட்டையாகப் பதியும் லாக் முறையில் பல கேமராக்களின் குறைந்தபட்ச ஐஎஸ்ஓ 800 ஆக இருக்கும். அப்போது இன்னும் மூன்று ஸ்டாப் தேவை, அதாவது என்டி 256. சுழற்றி மாற்றும் வேரியபிள் என்டி கைக்கு வசதியானது. ஆனால் அகலக் கோண லென்ஸில் அதன் கடைசி எல்லைவரை திருப்பினால் படத்தின் குறுக்கே இருண்ட எக்ஸ் வடிவப் பட்டை விழும். அது தெரியத் தொடங்கியதும் ஒரு படி பின்வாங்குங்கள்.

கைப்பேசிகளில் பெரும்பாலும் அப்பர்ச்சரை மாற்ற முடியாது. அங்கே மேனுவல் செயலி மட்டும் போதாது, லென்ஸுக்கு முன்னால் ஃபில்டர் வேண்டும். அது இல்லாதபோது நிழலுக்கு நகர்ந்து, படம் வெளுக்காத அளவுக்கு மெதுவான ஒரு வேகத்தில் ஷட்டரைப் பூட்டுங்கள். அது 1/200 ஆக இருந்தாலும் பரவாயில்லை. மேகம் வந்துபோகும்போது ஒரே ஷாட்டுக்குள் இழுவை மாறிக்கொண்டே இருக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஓடிக்கொண்டே கையில் பிடித்து எடுத்து, மின்னணு நிலைப்படுத்தலை நம்பும் காட்சிகளில் 1/50 வேண்டாம். மென்பொருள் சட்டகத்தை நிலைநிறுத்திவிடும், ஆனால் ஒவ்வொரு அதிர்விலும் பதிந்த மங்கலை அதனால் நீக்க முடியாது. அசையாத சுவர்கூட விட்டுவிட்டு மங்கும். அங்கே 1/100 அல்லது 1/200 வைத்து, அதற்கேற்ப ஃபில்டரை ஓரிரு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள்.