ஹீப் கட்ட n log n ஆகாதுங்க

“ஹீப் கட்ட n log n ஆகும்” என்று ஒருவர் சொல்லிக் கேட்பது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. முதல் இருவர் நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்கள், பதற்றத்தில் சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது ஆள் என் பக்கத்து நாற்காலிக்காரர், நான்கு வருட அனுபவம் உள்ளவர். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் கோவையில் இருந்துகொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். கட்டிங்கில் வெட்டிய துணியைப் பண்டில் பண்டிலாகக் கட்டி லைனுக்கு அனுப்புவார்கள். எந்தப் பண்டில் முதலில் போக வேண்டும் என்பதை ஷிப்மென்ட் தேதி முடிவு செய்யும். ஒரே தேதியில் பல இருந்தால் பண்டில் எண். இதற்கு மின்-ஹீப் சரியான பொருத்தம்: எதுவும் தன் கீழே இருப்பதைவிடப் பெரிதாக இல்லாதபடி அடுக்கிய மரம் அது, அதனால் மிகச் சிறியது எப்போதும் உச்சியில் இருக்கும், எடுத்து அனுப்பலாம். பையர் தேதியை மாற்றினால் வரிசை முழுவதையும் காலி செய்து புதிதாகக் கட்டுகிற மாதிரி அந்தப் பக்கத்து நாற்காலித் தம்பி எழுதியிருந்தார். பையர்கள் தேதியை எத்தனை தடவை மாற்றுவார்கள் என்பது திருப்பூரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

```python
q = []
for b in rows:
    heapq.heappush(q, b)
```

"ஏன் தம்பி, `heapq.heapify(rows)` என்று ஒரே வரியில் முடிக்கலாமே?" என்றேன். "ரெண்டும் ஒன்னுதானுங்ணா. n உருப்படி, ஒவ்வொன்னுக்கும் log n. எப்படிக் கட்டினாலும் n log n" என்றார்.

இந்தக் கணக்கு பொய் இல்லை, அதுதான் சிக்கலே. திருப்பூருக்கும் கோவைக்கும் இடையே தூரம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டாது என்று சொன்னால் அதுவும் பொய் இல்லை. ஆனால் அதை நம்பி யாரும் பெட்ரோல் போட மாட்டார்கள். O(n log n) என்பது ஹீப்பிஃபைக்கு ஒரு மேல் வரம்பு, அவ்வளவுதான். உண்மையான செலவு அதற்கு வெகு கீழே, O(n)-இல் நிற்கிறது. "ஒவ்வொன்றுக்கும் log n" என்ற இடத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். log n என்பது மரத்தின் முழு உயரம். அந்த முழு விலையையும் யார் கொடுக்கிறார்கள், எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சென்னிமலைக்குக் கூட்டம் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் அடிவாரத்தில் நிற்கிறார்கள். மீதியில் பாதி அதற்கு அடுத்த மண்டபத்தில், அதில் பாதி அதற்கும் மேலே, இப்படியே போய் உச்சியில் ஒரே ஒருவர். எல்லோரும் உச்சிக்கு வர வேண்டுமென்றால் அடிவாரத்துப் பாதிக் கூட்டமும் மலை முழுவதும் ஏற வேண்டும். எல்லோரும் அடிவாரத்துக்கு இறங்க வேண்டுமென்றாலோ அந்தப் பாதிக் கூட்டம் காலைக்கூட எடுத்து வைக்க வேண்டாம். முழு மலையையும் இறங்குபவர் உச்சியில் இருக்கும் அந்த ஒருவர்தான். ஒவ்வொன்றாகச் சொருகுவது முதல் வகை, புதிதாக வருவது அடியில் சேர்ந்து மேலே ஏறுகிறது. ஹீப்பிஃபை இரண்டாவது வகை, மேலே இருப்பது கீழே இறங்குகிறது. மரம் ஒன்றுதான், உயரமும் ஒன்றுதான். கூட்டம் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம்.

ஏழு பண்டிலை வைத்து ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். எண்கள் ஷிப்மென்டுக்கு மீதமிருக்கும் நாட்கள்: 9 7 6 5 4 3 1. அரேயில் இடங்களை 0-விலிருந்து எண்ணினால் i-ஆவது இடத்தின் பிள்ளைகள் 2i+1, 2i+2. கடைசி நான்கு இடங்களுக்கும் பிள்ளைகள் இல்லை, அவற்றைத் தொடவே வேண்டாம். 2-ஆம் இடத்தில் 6, அதன் பிள்ளைகள் 3, 1. சிறியதான 1-உடன் இடம் மாறுகிறது. 1-ஆம் இடத்தில் 7, அதன் பிள்ளைகள் 5, 4. 4-உடன் மாறுகிறது. இப்போது 9 4 1 5 7 3 6. உச்சியில் இருக்கும் 9 முதலில் 1-உடனும், இறங்கிய இடத்தில் 3-உடனும் மாறுகிறது. முடிவு 1 4 3 5 7 9 6. மொத்தம் நான்கு மாற்றம். இதே எண்களை இதே வரிசையில் ஒவ்வொன்றாகச் சொருகினால் ஒவ்வொரு புது எண்ணும் அதுவரை வந்ததில் மிகச் சிறியதாக இருப்பதால் உச்சி வரை ஏறும். இரண்டு எண்கள் ஒவ்வொரு படி, நான்கு எண்கள் இரண்டிரண்டு படி, ஆக பத்து மாற்றம்.

ஏழுக்கு நான்கு சரி, பெரிய n-க்கும் இது n-க்குள் அடங்கும் என்று எப்படி நம்புவது? பாடப்புத்தகங்கள் h/2^h தொடரைக் கூட்டி 2 என்று காட்டும். எனக்குப் பிடித்தது வேறு வழி, அதற்குத் தொடரே தேவையில்லை. அடிவரிசை நிரம்பிய மரத்தை வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு நோடும் ஒரு பாதையைத் தன் சொத்தாக எடுத்துக்கொள்ளட்டும்: முதலில் வலது பக்கம் ஒரு படி, அப்புறம் அடி வரை இடது, இடது, இடது. அந்தப் பாதையில் உள்ள கோடுகளின் எண்ணிக்கை அந்த நோடின் உயரம், அதாவது அது அதிகபட்சம் எத்தனை படி இறங்க முடியுமோ அத்தனை. இப்போது பாருங்கள், ஒரே கோட்டுக்கு இரண்டு பேர் சண்டை போடவே முடியாது. வலதுபுறக் கோடு என்றால் அது அதன் மேல்முனையில் இருக்கும் நோடுக்குச் சொந்தம். இடதுபுறக் கோடு என்றால் அதிலிருந்து மேலே ஏறிப் போங்கள், முதலில் எதிர்ப்படும் வலதுபுறக் கோடு யாருடையதோ இதுவும் அவருடையது. n நோடு உள்ள மரத்தில் கோடுகள் மொத்தமே n-1. இறங்கும் படிகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த n-1-ஐத் தாண்ட வழியில்லை. யாருக்கும் போகாமல் மிஞ்சுவது மரத்தின் இடது விளிம்பு மட்டும். ஏழு நோடில் ஆறு கோடு, விளிம்பில் இரண்டு, மிச்சம் நான்கு. கையால் போட்டபோது வந்த அதே நான்கு. அடிவரிசை அரைகுறையாக இருந்தாலும் கூட்டுத்தொகை n-க்குக் கீழேதான் நிற்கும்.

இனி தம்பியின் கணக்குக்கு வருவோம். ஒரு கம்பெனியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பண்டில். வசதிக்காக 1,31,071 என்று வைக்கிறேன், பதினேழு வரிசை நிரம்பிய மரம். ஹீப்பிஃபைக்கு அதிகபட்சம் 1,31,054 மாற்றம். ஒரு படி இறங்க இரண்டு ஒப்பீடு வேண்டும் (எந்தப் பிள்ளை சிறியது, அது என்னைவிடச் சிறியதா), ஆக ஒப்பீடு சுமார் 2.62 லட்சம். ஒவ்வொன்றாகச் சொருகினால் மோசமான நிலையில் 19,66,082 படி ஏற வேண்டும், படிக்கு ஒரு ஒப்பீடு. அந்த மோசமான நிலை ஏதோ அபூர்வமாக வருவது என்று நினைக்காதீர்கள். தம்பியின் `rows` வந்த SQL குவெரியில் `ORDER BY ship_date DESC, bundle_no DESC` என்று இருந்தது. மின்-ஹீப்புக்கு இதைவிடக் கெட்ட வரிசையைத் தேடினாலும் கிடைக்காது. வருகிற ஒவ்வொரு பண்டிலும் உச்சி வரை போகிறது.

"அண்ணா, நான் ஓட்டிப் பார்த்தேனுங்க, பெருசா வித்தியாசமே இல்லை" என்றார் அப்புறம். ஓட்டியது `random.shuffle` செய்த எண்களில். அங்கே வித்தியாசம் தெரியாதது இயல்புதான். கலைந்த வரிசையில் சிறிய எண்கள் முன்பே மேலே போய் உட்கார்ந்துவிடுகின்றன, அடி வரிசைகளில் பெரும்பாலும் பெரியவை. புதிதாக வருவது ஒன்றிரண்டு படி ஏறியதும் தன்னைவிடச் சிறியதை முட்டி நின்றுவிடும். சராசரி ஏற்றம் n எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு சிறு எண்ணுக்குள்ளேயே இருக்கும். அதனால் கலைந்த தரவில் சொருகலும் நேர்கோடாகத்தான் தெரியும். நிஜத் தரவை யாரும் உங்களுக்காகக் கலைத்துக் கொடுப்பதில்லை. தயவுசெய்து இறங்கு வரிசையிலும் ஒரு தடவை ஓட்டுங்கள், n-ஐ இரட்டிப்பாக்கி மாற்றங்களை எண்ணுங்கள். n-ஆல் வகுத்தால் ஹீப்பிஃபைக்கு 1-க்குக் கீழேயே நிற்கும், சொருகலுக்கு ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஏறக்குறைய ஒன்று கூடும்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1964-இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் ஹீப்பை அறிமுகம் செய்தபோது ஒவ்வொன்றாகச் சொருகித்தான் கட்டினார். அதே ஆண்டிலேயே ராபர்ட் ஃப்ளாய்ட் கீழிருந்து கட்டும் முறையைக் கொடுத்துவிட்டார்.

சொந்தமாக எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திசை முக்கியம்.

```python
for i in range(n // 2 - 1, -1, -1):
    sift_down(a, i, n)
```

இதை 0-விலிருந்து முன்னோக்கி ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலே போட்ட அதே ஏழு எண்களில் அப்படி ஓட்டினால் 6 4 1 5 7 3 9 என்று முடியும். உச்சியில் 6, அதன் பிள்ளை 1. அடியில் இருந்த 1 ஒரே ஒரு படி ஏறி அங்கேயே நின்றுவிட்டது, ஏனென்றால் உச்சியின் முறை முன்பே முடிந்துபோயிற்று. ஒரு நோடு இறங்கும்போது அதன் கீழே இரண்டு பக்கமும் ஏற்கெனவே ஹீப்பாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் பின்னாலிருந்து வருகிறோம். கட்டி முடித்ததும் ஒவ்வொரு நோடும் தன் தாயைவிடச் சிறியதாக இல்லை என்று ஒரு சுற்றுச் சரிபாருங்கள், அதற்கும் n ஒப்பீட்டுக்குள்தான் ஆகும். பைத்தான் மூலத்தைத் திறந்து படிப்பவர்கள் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: புத்தகத்தில் கீழே இறக்குவது என்று படித்ததை அங்கே `_siftup` என்று எழுதியிருப்பார்கள். ஜாவாக்காரர்களே, `new PriorityQueue<>(list)` மொத்தமாகக் கட்டும், `addAll` ஒவ்வொன்றாகச் சொருகும். இரண்டும் ஒன்று என்று நினைத்து மாற்றி எழுதாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்பார்கள்: கட்டுவது O(n) என்றால் ஹீப் சார்ட்டும் O(n) ஆகிவிடாதா? ஆகாது. ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும்போது கடைசி நோடை உச்சியில் வைத்து இறக்குகிறோம். ஒவ்வொரு தடவையும் உச்சியிலிருந்துதான், கிட்டத்தட்ட முழு மலையும். சலுகை கட்டும்போது மட்டும். லைனுக்கு முதல் ஐம்பது பண்டில் போதும் என்றால் கட்டிவிட்டு ஐம்பது தடவை மட்டும் எடுங்கள், முழுவதையும் வரிசைப்படுத்த வேண்டாம்.

எல்லாம் சொல்லி முடித்ததும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "`DESC`-ஐ `ASC` ஆக்கிட்டா `heappush`-ஏ போதுமுங்களே அண்ணா? எதுவும் ஏறாதே" என்றார். சரிதான். ஏறுவரிசை அரே அப்படியே ஒரு மின்-ஹீப், கட்டவே வேண்டாம். நல்ல கேள்வி என்று தோளில் தட்டினேன். ஆனால் அந்த `ORDER BY` மெர்ச்சண்டைசர் பார்க்கும் திரைக்காக வேறொருவர் எழுதியது. நாளைக்கு அவர் அதை மாற்றினால் நமக்குச் சொல்ல மாட்டார். `heapify` போட்டுவிட்டு வரச் சொன்னேன்.