வால்ல பூசின ரெண்டு கலர்: ஹைப்பாதெசிஸ் டெஸ்ட் படத்தை எப்படிப் படிக்கிறது

மாம்பலத்துல காபித்தூள் கடை வச்சிருக்கிற ஃப்ரெண்டு ஒருத்தன் போன மாசம் வந்து கேட்டான், "டேய், 200 கிராம் பாக்கெட் போடுற மெஷின் கம்மியா போடுதோன்னு டவுட்டா இருக்கு, 16 பாக்கெட் எடை போட்டேன், சராசரி 198.2 வருது, மெஷின் கெட்டுப்போச்சா இல்லையா?" அப்போ பில்லுக்குப் பின்னாடி நான் அவனுக்கு வரைஞ்ச படத்தைத்தான் இங்கயும் சொல்லப்போறேன்.

முதல்ல ஒரு மலை வரைங்க, உச்சி 200-ல. மெஷின் சரியாத்தான் இருக்குன்னு வச்சுக்கிட்டா (இதுதான் நல் ஹைப்பாதெசிஸ்) 16 பாக்கெட்டோட சராசரி எங்கெங்க வந்து விழும்ங்கிறதுதான் இந்த மலை. அவன்கிட்ட இருந்த பழைய கணக்குப்படி ஒரு பாக்கெட் 4 கிராம் ஸ்டாண்டர்ட் டீவியேஷன்ல ஆடும். 16 பாக்கெட் சராசரின்னா அந்த 4-ஐ 16-ஓட வர்க்கமூலத்தால வகுக்கணும், 1 கிராம்தான் வரும். அதனால மலை ரொம்ப ஒல்லி.

இப்போ ரெண்டு ஓரத்துலயும், அதாவது மலையோட ரெண்டு வால்லயும் சிவப்பு பூசணும். 198.04-க்கு இடது பக்கம் 2.5 சதவீதம், 201.96-க்கு வலது பக்கம் 2.5 சதவீதம், மொத்தம் 5. இதுதான் ரிஜெக்‌ஷன் ரீஜன். சராசரி இதுக்குள்ள விழுந்தா "மெஷின் சரி"ங்கிறதை விட்டுடுவோம். ஆனா நல்லா கவனிங்க, இந்த மலையே மெஷின் சரியா இருக்கும்போது வரைஞ்சதுதானே? அப்போ நல்ல மெஷின்கூட 100 தடவைல 5 தடவை இந்த சிவப்புல வந்து விழும், நாம அதைப் போய் கெட்டதுன்னு சொல்லிடுவோம். அதான் டைப் ஒன் எரர். சிவப்போட பரப்பளவுதான் அந்தத் தப்போட அளவு, எடை போடுறதுக்கு முன்னாடியே நாம முடிவு பண்ணி வைக்கிறது.

பி வேல்யூ வேற கலர், அதை நீலக் கோடு போட்டுக் காட்டுங்க. இது டேட்டா வந்தப்புறம்தான் வரும். 198.2-ல ஒரு கோடு இழுத்து அதுக்கு இடது பக்கம் முழுக்க நீலம், அதே தூரத்துல வலது பக்கம் 201.8-க்கு மேலயும் நீலம். ஒவ்வொண்ணும் 3.6 சதவீதம், மொத்தம் 7.2. அதாவது மெஷின் சரியா இருந்தாலும் 200-ல இருந்து இவ்வளவு தூரமோ இன்னும் அதிகமோ தள்ளிப்போற வாய்ப்பு 7.2 சதவீதம். "மெஷின் சரியா இருக்க 7.2 சதவீதம் சான்ஸ்"னு இதைப் படிக்கிறவங்க நிறைய பேர், அது தப்பு, ஏன்னா மெஷின் சரின்னு எடுத்துக்கிட்டுத்தான் இந்த மலையையே வரைஞ்சோம். நீலம் சிவப்புக்குள்ள அடங்கியிருந்தா ரிஜெக்ட் பண்ணலாம், இங்க சிவப்பைத் தாண்டி வெளிய வழியுது, அதனால முடியாது.

உடனே அவன், "கம்மியா போடுதான்னுதானேடா கேட்டேன், இடது பக்கம் மட்டும் பாரு"ன்னான். அப்படிப் பார்த்தா 3.6, 5-க்குக் கீழ, ரிஜெக்ட்! ஆனா 5 சதவீதத்தை ஒரே பக்கம் பூசணும்னா எடை போடுறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். எண்ணைப் பார்த்தப்புறம் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் பூசினா, இடதுல 5 வலதுல 5ன்னு நிஜமான டைப் ஒன் எரர் 10 சதவீதம் ஆயிடும்.

சரி, ரிஜெக்ட் பண்ண முடியலைன்னா மெஷின் நல்லாயிருக்குன்னு அர்த்தமா? இங்கதான் பாதிப்பேர் தடுமாறுவாங்க, ஏன்னா பதில் இந்த மலைல இல்லவே இல்ல. ரெண்டாவது மலை வேணும். மெஷின் நிஜமாவே 198 கிராம்தான் போடுதுன்னு வச்சுக்கிட்டு உச்சி 198-ல இன்னொரு மலை வரைங்க. அந்தப் புது மலைல 198.04-க்கு வலது பக்கம் இருக்கிற பகுதிக்கு மஞ்சள் பூசுங்க. கிட்டத்தட்ட பாதி மலை மஞ்சள், 48 சதவீதம்! அதாவது பாக்கெட்டுக்கு 2 கிராம் குறையுற மெஷினை இந்த டெஸ்ட் ரெண்டு தடவைக்கு ஒரு தடவை கண்டுபிடிக்காமலே விட்டுடும். இதான் டைப் டூ எரர். 198-ங்கிறது நாம வச்சுப் பார்த்த எண்தான், 199-ன்னு வச்சா மஞ்சள் இன்னும் பெருசாகும்.

சிவப்பைக் குறைக்க கோட்டை வெளிய தள்ளினா மஞ்சள் வளரும், ரெண்டையும் சேர்த்துக் குறைக்க ஒரே வழி மலைகளை ஒல்லியாக்கறது, அதாவது அதிக பாக்கெட். 64 பாக்கெட்னா 4-ஐ 8-ஆல வகுத்து அரை கிராம், சிவப்பு 199.02-லயே ஆரம்பிச்சிடும், 198 மலைல மஞ்சள் வெறும் 2 சதவீதம்.

பழைய 16-ஐ சேர்த்துக்காம புதுசா 64 எடை போடச் சொன்னேன், அதே ரெண்டு பக்க டெஸ்ட்தான்னு முன்னாடியே எழுதி வச்சுட்டு. சராசரி 198.9 வந்துது. முதல் தடவையைவிட 200-க்குப் பக்கத்துலதான் இருக்கு, ஆனாலும் சிவப்புக்குள்ள விழுந்துது, பி வேல்யூ 2.8 சதவீதம். அன்னைக்கு சாயந்தரமே மெஷினுக்கு ஆள் கூப்பிட்டுட்டான்.