திருப்பிச் செலுத்தும் காலமா, முதல் மீளும் காலமா?

இணையவழிப் பாடநெறி விளம்பரங்களில் ‘பேபேக் பீரியட்’ என்பதைத் ‘திருப்பிச் செலுத்தும் காலம்’ என்று எழுதுகிறார்கள். இது தவறு. திருப்பிச் செலுத்துவது கடன் வாங்கியவர் செய்யும் வேலை. இங்கே பேச்சு, போட்ட காசு நம் கைக்குத் திரும்புவதைப் பற்றியது.

முதலீடு என்றால் முதல் இடுதல். அந்த முதல் மீண்டு வர எத்தனை மாதம் என்பதே கேள்வி. ஆகவே ‘முதல் மீளும் காலம்’. ‘முதல் மீட்புக் காலம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். மலையகத்தில் மீட்பு என்றதும் அடகுக் கடை நகைதான் நினைவுக்கு வரும், அதற்கும் நாமே காசு கட்ட வேண்டும். மீட்பது ஒருவர் செய்வது. மீள்வது தானாக நடப்பது. இங்கே பொருந்துவது மீள்தல்தான்.

சொல் பிழைத்தால் கணக்கும் பிழைக்கும். ஹட்டனில் கணக்கு எழுதும் ஒரு பிள்ளை ஆறு மாதப் பாடநெறியில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 90,000 ரூபாய், மாதம் 15,000 வீதம் ஆறு தவணை. ‘திருப்பிச் செலுத்தும் காலம் 6 மாதம்’ என்று படித்தால், ஆறு மாதத்தில் போட்டது வந்துவிடும் என்று வீட்டார் நம்புவார்கள். அது தவணை முடியும் காலம் மட்டுமே.

சரி, உண்மைக் கணக்கு என்ன? கட்டணத்தோடு டேட்டாவுக்கு 12,000, பரீட்சைக்கு 18,000. படிப்புக்காக அவள் நிறுத்திய ஞாயிறு டியூஷன் வருமானம் மாதம் 5,000 வீதம் 30,000. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மொத்தம் 1,50,000.

சம்பளம் 10,000 கூடும் என்று எதிர்பார்க்கிறாள். அதில் 2,000 படிக்காவிட்டாலும் கிடைக்கும் வருடாந்த உயர்வு, அதைப் பாடநெறியின் பலனில் சேர்க்கக் கூடாது. மிச்சம் 8,000இல் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 640 போகும். அது அவளுடைய சேமிப்புதான், ஆனால் இப்போது கைக்கு வராது. கைக்கு வருவது 7,360. 1,50,000ஐ இதால் வகுத்தால் இருபது மாதத்துக்குச் சற்று மேல். அதையும் புதிய சம்பளம் தொடங்கும் மாதத்திலிருந்தே எண்ண வேண்டும். படித்த ஆறு மாதமும் வேலை தேடும் காலமும் அதற்கு முன்னால் நிற்கின்றன. நகையை அடகு வைத்துக் கட்டியிருந்தால் வட்டியும் போட்ட முதலோடு சேரும்.

விளம்பரக்காரர் 90,000ஐ 10,000ஆல் வகுத்து ஒன்பது மாதம் என்பார். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைக்கும் மொழிபெயர்ப்பாளர், காசு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். ஹட்டன் கடைத்தெருவில் ‘போட்ட முதல் எப்போ கைக்கு வரும்?’ என்றுதான் கேட்பார்கள். சொல் அங்கேயே இருக்கிறது.