உங்கள் கம்பெனியைத் தருவீர்களா: முதல் மின்னஞ்சல் எப்படி வேலை செய்கிறது?

கோவையில் ஆண்டுக்கு 60 கோடி ரூபாய்க்கு விற்கும் பம்ப் கம்பெனி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே ஊரில் ஆண்டுக்கு 9 கோடிக்குப் பம்ப் விற்கும் சிறிய கம்பெனியை வாங்க அதற்கு எண்ணம். இதற்கு முன் இரு முதலாளிகளும் கண்காட்சியில் வணக்கம் சொன்னதோடு சரி. பெரியவர் சிறியவருக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலுக்கு ஒரே வேலைதான்: ஒரு சந்திப்பு வாங்கித் தருவது.

கடிதம் எந்த முகவரிக்குப் போகிறது என்பதில்தான் முதல் தவறு நடக்கும். கம்பெனியின் info@ முகவரிக்கு வருவதை முதலில் திறப்பவர் அலுவலக ஊழியராக இருப்பார். ‘விற்கப் போகிறாராம்’ என்ற பேச்சு கிளம்பினால் டீலர் முன்பணம் தரத் தயங்குவார், நல்ல ஃபிட்டர் வேறு வேலை தேடுவார், ஓவர்டிராஃப்ட் கொடுத்த வங்கி மேலாளர் கூப்பிட்டு விசாரிப்பார். ஆகவே முதலாளியின் சொந்த முகவரிக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். அது தெரியாவிட்டால் போனில் கேட்டு வாங்கலாம். தலைப்பு வரியில் ‘விலைக்கு வாங்குவது’ என்ற பேச்சே கூடாது. கைப்பேசித் திரையில் பக்கத்தில் இருப்பவர் கண்ணிலும் அது படும். ‘ஒரு சந்திப்பு வேண்டி’ என்றால் போதும்.

உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

“வணக்கம் ஐயா. உங்கள் ஓப்பன்வெல் பம்புகளுக்கு டெல்டா மாவட்டங்களில் இருக்கும் பெயரை நாங்கள் அறிவோம். இரண்டு நிறுவனங்களும் ஒன்றாகச் செயல்பட, கையகப்படுத்தல் உட்பட, ஏதேனும் வழி உண்டா என்று உங்களோடு நேரில் பேச விரும்புகிறோம். இது பூர்வாங்க விசாரணை மட்டுமே. முன்மொழிவும் அல்ல, விலைக் கேட்பும் அல்ல. இரு தரப்பும் கையெழுத்திடும் எழுத்து ஒப்பந்தம் வரும்வரை யாருக்கும் எந்தக் கடப்பாடும் கிடையாது. எங்கள் பக்கம் இது என்னையும் எங்கள் ஆடிட்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. உங்கள் கணக்கு விவரம் எதையும் இப்போது அனுப்ப வேண்டாம். விருப்பம் இல்லை என்றால் ஒரு வரி போதும், மறுபடி கேட்க மாட்டோம்.”

கடப்பாடு இல்லை என்ற வரி வெறும் சம்பிரதாயம் அல்ல. இந்தியச் சட்டத்தில் ஒப்பந்தம் பிறக்க முத்திரைத்தாள் கட்டாயமில்லை. முன்மொழிவும் ஏற்பும் தெளிவாக இருந்தால் மின்னஞ்சலே போதும். டிரைமெக்ஸ் – வேதாந்தா அலுமினியம் வழக்கு இதற்கு நல்ல சான்று. 2007 அக்டோபரில் ஐந்து கப்பல் பாக்சைட்டுக்கான விலையும் நிபந்தனைகளும் மின்னஞ்சலில் பேசி ஏற்கப்பட்டன. முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தாகவில்லை. இருந்தும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றே 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் கடிதத்தில் விலை இல்லாததற்கு இது ஒரு காரணம். பேரம் இன்னொரு காரணம்: முதலில் எழுதிய தொகையே விற்பவருக்குக் குறைந்தபட்ச விலை ஆகிவிடும், ஏறலாமே தவிர இறங்காது.

‘ரகசியம்’ என்ற சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள். கடிதத்தின் அடியில் அதைக் கொட்டை எழுத்தில் போட்டாலும், கேட்காமலே வந்த கடிதத்தைப் பெற்றவர் அதனால் மட்டும் கட்டுப்பட்டுவிட மாட்டார். இருவரும் கையெழுத்திடும் ரகசியக் காப்பு ஒப்பந்தம்தான் கட்டுப்படுத்தும். பேச்சு முறிந்தாலும் ஆட்களை இழுக்கக் கூடாது என்ற ஷரத்தும் அதில் இருக்க வேண்டும். அதுவரை உங்கள் கடிதம் மற்ற போட்டியாளர் கைக்குப் போகலாம் என்று எண்ணியே எழுத வேண்டும்.

போட்டியாளர் என்பதால் இன்னொரு வேலியும் உண்டு. 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, போட்டியாளர்கள் சேர்ந்து விலை நிர்ணயிப்பதையும் சந்தையைப் பங்கு போடுவதையும் தடுக்கிறது. ‘எந்த டீலருக்கு எவ்வளவு தள்ளுபடி தருகிறீர்கள்?’ என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகு பேரம் முறிந்தால், கையில் மிஞ்சுவது போட்டியாளரின் விலைப்பட்டியல். விசாரணையில் அதை விளக்குவது கடினம். அத்தகைய விவரங்களைப் பார்த்தே ஆக வேண்டிய கட்டம் வரும்போது, விற்பனைப் பிரிவோடு தொடர்பில்லாத வெளி ஆடிட்டர் பார்த்து மொத்தக் கணக்கை மட்டும் சொல்வதே வழக்கம்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு போன். அதற்கு மேல் துரத்தினால் நெருக்கடியில் இருப்பது நீங்கள்தான் என்று தெரிந்துவிடும்.

கவனம் சிதறுவது பெரும்பாலும் சந்திப்புக்குப் பிறகுதான். சாப்பாட்டு மேசையில் ஒரு தொகை பேச்சில் வந்திருக்கும். மறுநாள் உற்சாகத்தில் ‘பேசியபடியே முடித்துக்கொள்வோம்’ என்று எழுதினால், ‘கடப்பாடு இல்லை’ என்ற முதல் கடிதத்தின் வரி எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதே வழக்காகிவிடும். அதே பதிலை ‘நேற்றைய பேச்சு பூர்வாங்கமானது, எதுவும் முடிவாகவில்லை, ரகசியக் காப்பு ஒப்பந்த வரைவை இணைத்துள்ளேன்’ என்று எழுதலாம்.