தன்னையே இடிக்கும் பந்து

சென்ற வாரம் ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார்: “நானும் கணவரும் ‘டார்க்’ தொடரை இரண்டாவது முறையாகப் பார்த்து முடித்தோம். நடந்ததை மாற்றவே முடியாது என்று இரண்டு சீசன் முழுக்கச் சொல்லிவிட்டு, மூன்றாவது சீசனின் கடைசியில் மாற்றிவிடுகிறார்கள். இது ஏமாற்று என்கிறார் அவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறிவியல் யார் பக்கம்?”

நல்ல கேள்வி. காலப் பயணத்தை வைத்துப் பின்னப்பட்டு 2017 முதல் 2020 வரை வந்த இந்த ஜெர்மன் தொடரைப் பற்றி நண்பர்களுக்குள் நடக்கும் சண்டையில் பாதி இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது. பதில் சொல்ல வேண்டுமென்றால் கதை முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்தாக வேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டுரை காத்திருக்கும்.

முதலில் அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். வேகமும் ஈர்ப்பும் கடிகாரத்தின் ஓட்டத்தை மாற்றும் என்பது பள்ளிப் பாடம். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளில் தன் கடந்த காலத்துக்கே திரும்பி வரும் பாதைகளும் இருக்க முடியும் என்று 1949இல் கணிதவியலாளர் கர்ட் கேடல் காட்டினார். 1980களில் இயற்பியலாளர் கிப் தோர்ன் இதைப் புழுத்துளைகளை வைத்து ஆராய்ந்தார். வெளியில் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்கு வழிதான் புழுத்துளை. புழுத்துளைக்கு இரண்டு வாய்கள். ஒரு வாயை மட்டும் மிக வேகமாக ஒரு சுற்று கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்தால், இரண்டு வாய்களுக்கும் இடையே கால வித்தியாசம் வந்துவிடும். ஒன்றில் நுழைபவர் மற்றதில், நுழைவதற்கு முன்பாகவே வெளியே வரலாம். அப்படி ஒரு துளையைத் திறந்து வைத்திருக்க எதிர்மறை ஆற்றல் வேண்டும், அதை அந்த அளவுக்கு யாராலும் சேர்க்க முடியாது என்பதெல்லாம் வேறு கதை. துளை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

காலத்தில் பின்னால் போய், தன் அப்பா பிறப்பதற்கு முன்பே தாத்தாவைக் கொல்லப் பார்க்கும் பேரன் கதை எல்லாருக்கும் தெரியும். அதில் மனிதன் இருப்பதால், மனசு மாறியது, கை நடுங்கியது என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடலாம். இந்த வழியை அடைத்தவர் ஜோசப் போல்ச்சின்ஸ்கி என்ற இயற்பியலாளர். மனிதனை எடுத்துவிட்டு ஒரு பில்லியர்ட்ஸ் பந்தை வைத்தார். பந்து ஒரு வாயை நோக்கி உருளுகிறது. நுழைந்தால், மற்ற வாய் வழியாகச் சற்று முன்னதாகவே வெளியே வரும். வந்து, இன்னும் நுழையாமல் உருண்டுகொண்டிருக்கும் தன்னையே இடித்துப் பாதையிலிருந்து தள்ளிவிடும் என்று கோணத்தை அமைத்துவிட்டார். தள்ளப்பட்டால் அது நுழையாது. நுழையாவிட்டால் வெளியே வராது. வராவிட்டால் இடிக்காது. இடிக்காவிட்டால் நுழையும். பந்துக்கு மனசும் இல்லை, நடுங்கக் கையும் இல்லை. இப்போது என்ன சொல்வீர்கள்?

தோர்னின் மாணவர்களான எச்செவெரியா, கிளிங்க்ஹாமர் இருவரும் இதை உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கேரம் ஆடியவர்களுக்கு அவர்கள் கண்டது சட்டென்று புரியும். காயினை நடு நெஞ்சில் அடித்தால் ஒரு பக்கம் போகும், ஓரத்தில் மெல்லிசாக உரசினால் கொஞ்சமே விலகும். போல்ச்சின்ஸ்கி நினைத்தது நெஞ்சடி. அதற்குப் பதில் வெளியே வரும் பந்து கொஞ்சம் கோணலாக வருகிறது, அதனால் இளைய பந்தை உரச மட்டுமே செய்கிறது என்று வையுங்கள். உரசப்பட்ட இளைய பந்து சிறிது விலகினாலும் துளைக்குள் போய்விடுகிறது. ஆனால் விலகிய கோணத்தில் போகிறது. விலகிய கோணத்தில் போனதால்தான் மறுபக்கம் கோணலாக வெளியே வருகிறது. கோணலாக வந்ததால்தான் நெஞ்சில் அடிக்காமல் உரசுகிறது.

இதை இன்னொரு முறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். எங்கேயும் ஓட்டை இல்லை. கெடுக்க வந்த அடியே காரியத்தை நடத்தி வைக்கிறது.

முரண்பாடு இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் முரணில்லாத விடை கிடைத்தது. அதுவும் ஒரு விடை இல்லை. பந்தை ஒரே இடத்திலிருந்து ஒரே வேகத்தில் உருட்டினாலும், முரணில்லாத கதைகள் பல கிடைத்தன. சில பாதைகளுக்கு எண்ணற்ற விடைகள். தோர்னோடு சேர்ந்து இவர்கள் 1991இல் இதை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே சோவியத் இயற்பியலாளர் இகோர் நோவிகோவ், தன்னோடு முரண்படாத நிகழ்ச்சிகள் மட்டுமே நடக்கும் என்று ஒரு கொள்கையை முன்வைத்திருந்தார். பந்துக் கணக்கு அதற்குப் பலம் சேர்த்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கொள்கையைக் காட்டி, “பார்த்தீர்களா, தலையெழுத்தை மாற்ற முடியாது என்று விஞ்ஞானமே சொல்கிறது” என்று பேசுகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். கணக்கு சொல்வது இதற்கு நேர் எதிர். முரண் வரக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை, பல கதைகளில் எது நடக்கும் என்று அது சொல்வதே இல்லை. இதை வைத்து யாரும் ஜாதகம் எழுத முடியாது. அப்புறம், இந்த ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டவை பேப்பரும் பென்சிலும் கொஞ்சம் கணினி நேரமும்தான். அப்படியிருந்தும் காலப் பயணம் என்று எழுதினால் ஆராய்ச்சிப் பணம் கிடைக்காது, ‘மூடிய காலவகைப் பாதைகள்’ என்று எழுத வேண்டும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் சொல்லியிருக்கிறார். இயற்கை விதிகள் எங்கே உடைகின்றன என்று தேடிப் பார்க்கிற கேள்விகளுக்குப் பெயரை ஒளித்துக்கொண்டுதான் நிதி கேட்க வேண்டும் என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

சரி, தொடரின் கதை நடக்கும் விண்டன் நகரத்துக்கு வருவோம்.

தொடரின் முதல் காட்சியில் மிக்கேல் தூக்கு மாட்டிக்கொள்கிறார். தேதி 2019 ஜூன் 21. ஒரு கடிதம் விட்டுச் செல்கிறார். அவர் மகன் யோனாஸ், இரண்டாவது சீசனில் ஜூன் 20க்குத் திரும்பிப் போகிறான், அப்பாவைத் தடுக்க. கடிதத்தைப் பற்றியும் தற்கொலையைப் பற்றியும் பேசுகிறான். அப்பா முழிக்கிறார். அப்படி ஓர் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. மகன் சொல்லித்தான், தான் சாக வேண்டியிருக்கிறது என்று அவருக்கே தெரிகிறது. போதாக்குறைக்கு, சிறுவயதில் தன்னைக் கைபிடித்துக் குகைக்குள் கூட்டிப்போய் 1986இல் சேர்த்தவனே யோனாஸ்தான் என்றும் சொல்கிறார். யோனாஸ் உறைந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்குப் பந்துதான் நினைவுக்கு வந்தது. தடுக்க வந்த அடியே உரசல் அடி. நோவிகோவ் கொள்கைக்கு நடிகர்களை வைத்துப் படம் எடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

அதே சீசனின் முடிவில் நோவா, முதுமை அடைந்த யோனாஸான ஆடமைத் துப்பாக்கியால் சுடப் பார்க்கிறான். குண்டு வெடிக்கவில்லை. இதுவும் முரணில்லாத முடிவுதான், விதிப்படி தப்பில்லை. ஆனால் பார்த்தவர்கள் பலருக்கு இது உறுத்தும், எனக்கும் உறுத்தியது. காரணம் உண்டு. யோனாஸின் தோல்விக்கு யோனாஸின் வருகையே காரணம், வளையம் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது. துப்பாக்கி விஷயத்தில் காரணம் வெளியிலிருந்து வருகிறது. 1976இல் டேவிட் லூயிஸ் என்ற தத்துவவாதி, தாத்தாவைச் சுடப் போகிறவன் சாதாரணக் காரணங்களால்தான் தோற்பான் என்று எழுதினார்: சத்தம் கேட்டுக் கவனம் சிதறும், குறி தவறும், துணிவு போகும். ஒரு முறை என்றால் சரி. நூறு பேர் போய் நூறு பேரும் ஏதோ ஒரு தற்செயலால் தோற்றால் நம்புவீர்களா? பார்வையாளர்களின் வாதம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ‘முரணில்லை’ என்பதும் ‘நம்பும்படி இருக்கிறது’ என்பதும் வேறு வேறு. ஒருவர் முதலாவதைப் பேச, மற்றவர் இரண்டாவதைப் பேச, விடிய விடிய ஓடும்.

இப்போது அந்தக் கடைசி அத்தியாயம். மூன்றாவது உலகம் ஒன்று இருக்கிறது, அதுதான் மூல உலகம். அங்கே கார் விபத்தில் மகன் குடும்பத்தை இழந்த கடிகாரக்காரர் டான்ஹாஸ், அவர்களை மீட்க ஓர் எந்திரம் செய்கிறார். அது உலகத்தைப் பிளந்துவிடுகிறது, யோனாஸும் அவன் காதலி மார்த்தாவும் இருக்கும் இரண்டு உலகங்கள் பிறக்கின்றன. இருவரும் மூல உலகத்துக்குப் போய் விபத்தைத் தடுக்கிறார்கள். எந்திரம் இல்லை, பிளவு இல்லை, இருவரும் ஒளித்துகள்களாகக் கரைந்துவிடுகிறார்கள்.

விபத்து நடந்ததா என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தால் இருவரும் பிறப்பார்கள், வந்து தடுப்பார்கள், அப்போது நடக்காது. நடக்காவிட்டால் பிறக்க மாட்டார்கள், தடுக்க ஆளில்லை, நடக்கும். பந்துக்கு உரசல் என்ற நடுவழி இருந்தது. இது லைட் ஸ்விட்ச் மாதிரி, ஆன் அல்லது ஆஃப், நடுவில் ஒன்றுமில்லை. நோவிகோவ் வழியில் இதற்கு விடை கிடையாது. வாசகியின் கணவர் சொல்வது இதுவரை சரி.

ஆனால் 1991இல் டேவிட் டாய்ச் என்ற இயற்பியலாளர் குவாண்டம் வழியில் ஒரு கதவைத் திறந்தார். ஆன், ஆஃப் என்று பார்க்காமல், விபத்து நடந்திருப்பதற்கான வாய்ப்பு x என்று எழுதுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் அது 1 − x ஆகிவிடுகிறது. முரண் இல்லாமலிருக்க இரண்டும் சமமாக வேண்டும். x = 1 − x என்றால் x = 1/2. ஸ்விட்சுக்குக் கிடைக்காத விடை, மங்கலாக்கும் ரெகுலேட்டருக்குக் கிடைத்துவிட்டது. டாய்ச் இதைப் பல உலகங்களாகப் படிக்கிறார்: பாதி உலகங்களில் விபத்து நடக்கிறது, பாதியில் நடப்பதில்லை. நடந்த உலகத்தில் பிறந்தவர்கள், நடக்காத உலகத்தில் வந்து காரை நிறுத்துகிறார்கள்.

இந்தக் கணக்குப்படி தடுப்பது தவறில்லை, அந்த அளவில் வாசகி பக்கம் நியாயம் இருக்கிறது. தவறு, அவர்கள் கரைவதில் இருக்கிறது. அவர்கள் பிறந்த உலகம் அழிந்துவிட்டால் x பூஜ்யமாகிவிடும், பூஜ்யம் அந்தச் சமன்பாட்டுக்கு விடை இல்லை. யோனாஸும் மார்த்தாவும் மூல உலகத்திலேயே அகதிகளாக வாழ்ந்து முதுமை அடைந்திருந்தால் டாய்ச் ஒப்புக்கொண்டிருப்பார், கதைக்கு அந்தக் கண்ணீர் கிடைத்திருக்காது.

கடைசிக் காட்சியில் மூல உலகத்தில் ஒரு விருந்து. மின்சாரம் போய் வருகிறது. யோனாஸின் உலகத்தில் அவனுக்கு அம்மாவான ஹன்னா இங்கே கர்ப்பிணி, இதையெல்லாம் ஏற்கெனவே பார்த்த மாதிரி இருக்கிறது என்கிறாள். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்கிறார்கள். யோனாஸ் அழகான பெயர் என்கிறாள். அழிந்துபோனதாகக் காட்டிய உலகத்தின் தடயம் அவளிடம் எப்படி வந்தது? உங்கள் கணவரிடம் இந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுக் காட்டுங்கள் அம்மா. x பூஜ்யம் இல்லை என்று கதையே சொல்லிவிட்டதாகத்தான் நான் படிக்கிறேன்.